பாவும் ஊடையும்: குத்தாம்புள்ளித் தறியில் ஒரு பாடம்

ஓணம் நெருங்கும்போது பாலக்காட்டிலும், இடுக்கி மலையின் எல்லை ஊர்களான குமுளி, மூணாறு பகுதிகளிலும் வாழும் நம் தமிழ் வாடிக்கையாளர்கள் பலர் கசவுப் புடவையும் செட்டு முண்டும் வாங்குவதுண்டு. கடையில் துணியை விரித்ததும் நம் கண் முதலில் கரையில் உள்ள ஜரிகைக்குச் செல்கிறது. பிறகு விலைச்சீட்டுக்குச் செல்கிறது. ஒரே நிறம், ஒரே அகலக் கரை, ஏறக்குறைய ஒரே தோற்றம் கொண்ட இரு புடவைகளின் விலையில் பெரிய வேறுபாடு இருக்கும். கடைக்காரர் "இது கைத்தறி, அது சாதா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். அந்த வேறுபாடு துணியில் எங்கே இருக்கிறது என்பதை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். அதற்குப் பாவு எது, ஊடை எது, ஒவ்வொன்றும் துணிக்கு எதைத் தருகிறது என்ற பாடம் போதுமானது.

இப்பாடத்திற்கு நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் குத்தாம்புள்ளி. திருச்சூர் மாவட்டம் திருவில்வாமலையை அடுத்து, பாலக்காட்டு எல்லையை ஒட்டி, பாரதப்புழையும் காயத்ரிப்புழையும் அருகில் ஓட அமைந்த நெசவு ஊர் இது. இங்குள்ள தேவாங்கச் சமூகத்தார் கொச்சி அரச குடும்பத்தின் அழைப்பின்பேரில் கன்னட நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது மரபுவழிச் செய்தி. குத்தாம்புள்ளிப் புடவை 2011-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. தமிழில் நாம் பாவு என்பதை மலையாளத்திலும் பாவு என்றே வழங்குகின்றனர். நம் ஊடை அங்கே ஊடு ஆகிறது. எல்லையின் இருபுறமும் தொழிலின் அடிப்படைச் சொற்கள் ஒன்றாகவே இருக்கின்றன.

இரண்டு இழைகள், இரண்டு வாழ்க்கைகள்

தறியில் நீளவாக்கில், நெய்பவரின் முன்னாலிருந்து பின்னால்வரை, இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் இழைகளின் தொகுதி பாவு. அதன் குறுக்கே நாடாவின் வயிற்றிலிருந்து அவிழ்ந்து ஓடும் இழை ஊடை. மிதியை அழுத்தும்போது விழுதுகள் பாவு இழைகளில் ஒரு பாதியை மேலே தூக்கி, மறு பாதியைக் கீழே இறக்குகின்றன. இடையில் திறக்கும் வழியில் நாடா ஓடுகிறது. பின்னர் அச்சு முன்னே வந்து, புதிதாக விழுந்த ஊடையைத் துணியின் விளிம்போடு சேர்த்து அடிக்கிறது. அடுத்த மிதியில் மேலிருந்தவை கீழும், கீழிருந்தவை மேலும் ஆகின்றன. குத்தாம்புள்ளிப் புடவையின் வெள்ளை உடல்பகுதி முழுவதும் இந்த எளிய மாற்றத்தால் நெய்யப்படுவதே.

பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை நூல்தான். ஆயினும் அவை படும் பாடு வேறு. ஊடை ஒருமுறை ஓடி, ஒருமுறை அடிபட்டு, தன் இடத்தில் அமர்ந்துவிடுகிறது. பாவு இழையோ துணியாகும் வரை இழுவிசையிலேயே இருக்க வேண்டும். அதோடு அச்சின் பற்களுக்கிடையே உரசுப்படவும் வேண்டும்.

இந்த உரசலைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் அங்குலத் துணிக்கு 68 ஊடைகள் என்றும், அச்சு ஒவ்வொரு முறையும் ஐந்து அங்குலம் பின்சென்று திரும்புகிறது என்றும் கொள்வோம். பாவு இழையின் ஒரு புள்ளி அச்சு நடமாடும் அந்த ஐந்து அங்குலத்தைக் கடப்பதற்குள் 340 ஊடைகள் விழுந்திருக்கும். ஒவ்வொரு ஊடைக்கும் அச்சு ஒருமுறை போகிறது, ஒருமுறை வருகிறது. எனவே அப்புள்ளி துணிக்குள் சேர்வதற்கு முன் 680 முறை அச்சால் தேய்க்கப்படுகிறது. விழுதில் ஏறி இறங்கும் தேய்மானம் இதற்கு மேல்.

இதனால்தான் பாவுக்கு உரிய நூல் கூடுதல் முறுக்கு உடையதாகவும், ஊடை நூல் சற்று மென்மையானதாகவும் இருக்கலாம் என்பது நெசவின் பொது விதி. பாவுக்குக் கஞ்சி போடுவதும் இதனால்தான். விடிகாலையில் தெருவின் நீளத்திற்குப் பாவை விரித்து, அரிசிக் கஞ்சியை நார்த் தூரிகையால் நீவிப் பூசி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து உலர்த்துவது பழைய முறை. கஞ்சி நூலின் மேல் எழும் பஞ்சு மயிரைப் படியவைத்து ஒரு மேலுறையாகிறது; சேர்க்கப்படும் சிறிது எண்ணெய் அவ்வுறை உடையாமல் காக்கிறது.

இங்கே வானிலையும் வேலையில் பங்கு கொள்கிறது. மழை பெய்தால் பாவு உலராது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும்போது பாவு விரைவில் உலரும். ஆனால் தறியில் ஏறிய பின் அதே வறட்சியால் இழைகள் மொறமொறப்பாகி அறுபடும். பருத்தி நூல் ஈரப்பதத்தில் வலிமை கூடுவது. நெசவாளர் தரையில் குழி வெட்டித் தறி அமைத்ததற்கு, மண்ணின் ஈரம் பாவுக்குக் கிடைப்பதும் ஒரு காரணம்.

ஒரு புடவையின் கணக்கு

ஒரு புடவைக்கு எவ்வளவு பாவு, எவ்வளவு ஊடை தேவை? விளங்குவதற்காக ஓர் எளிய கணக்கைப் போடுவோம். பாவும் ஊடையும் 100-ஆம் எண் நூல் என்க. நூல் எண் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் நீளமுள்ள எத்தனை சிட்டங்கள் கிடைக்கும் என்பதைக் காட்டுவது. ஆகவே 100-ஆம் எண் நூலில் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 84,000 கெஜம் நூல் இருக்கும். எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும்.

அச்சில் 50 அங்குல அகலம், அங்குலத்துக்கு 72 இழைகள் என்றால் மொத்தப் பாவு இழைகள் 3,600. புடவை ஆறு கெஜம். ஊடையின் மேலும் கீழுமாக வளைந்து செல்வதால் பாவு சற்றுச் சுருங்கும், எனவே 6.3 கெஜம் தேவை. 3,600 இழைகளுக்கு 22,680 கெஜம் நூல் வேண்டும். எடை ஏறக்குறைய 122 கிராம்.

ஊடைக்கு வருவோம். ஆறு கெஜம் என்பது 216 அங்குலம். அங்குலத்துக்கு 68 வீதம் 14,688 முறை நாடா ஓட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 50 அங்குல நூல் என்றால் 20,400 கெஜம். எடை ஏறக்குறைய 110 கிராம்.

ஆக, எடையில் இரண்டும் ஏறத்தாழச் சமம். ஆனால் செலவாகும் விதம் முற்றிலும் வேறு. பாவின் 3,600 இழைகளும் முதல் ஊடை விழுவதற்கு முன்பே அளந்து, கஞ்சியிட்டு, விழுதிலும் அச்சிலும் ஏறியிருக்க வேண்டும். ஊடையோ நாடாவுக்குள் வைக்கும் தாரில் சிறிது சிறிதாகச் சுற்றி, வேண்டும்போது வேண்டியது மட்டும் செலவாகிறது. நிமிடத்துக்கு 40 முறை நாடா ஓடினாலும், தார் மாற்றுதல், அறுந்த இழை முடிதல் முதலியவற்றுக்கு ஆகும் நேரம் நீங்கலாகவே, ஒரு புடவைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வங்கி வழக்கில் சொல்வதானால், பாவு முன்கூட்டியே முடங்கும் முதல். ஊடை அன்றன்றைய செலவு.

பாவில் எழுதியதை மாற்ற இயலாது

புடவையின் இரு நீளப் பக்கங்களிலும் ஓடும் கரை பாவின் ஆக்கம். எத்தனை ஜரிகை இழைகள், அவற்றை அடுத்து எத்தனை பச்சை இழைகள், பிறகு எத்தனை வெள்ளை இழைகள் என்ற வரிசை, பாவு ஓட்டும்போதே தீர்மானமாகிவிடுகிறது. அப்பாவு தீரும்வரை எல்லாப் புடவைக்கும் அதே கரைதான். முந்தியில் குறுக்காக வரும் பட்டை ஊடையின் ஆக்கம். நாடாவை மாற்றினால் போதும். ஒவ்வொரு புடவைக்கும் முந்தியை வேறாக நெய்யலாம். குத்தாம்புள்ளிக்குப் பெயர் தந்த மயில், பூ முதலிய உருவங்கள் ஜக்கார்டு கருவியின் துணையோடு நெய்யப்படுகின்றன. அவற்றில் பெரும்பான்மையானவை அடிப்படை ஊடையோடு கூடுதலாக ஓட்டப்படும் ஊடையால் அமைபவை.

ஒரு திருமணத்துக்காக ஒரு குடும்பத்தார் பச்சைக் கரையிட்ட புடவை ஒன்று மட்டும் நெய்து தரக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நெசவாளர் தயங்குகிறார். அத்தயக்கத்தின் காரணம் இதுதான். பாவின் முன்னும் பின்னும் நெய்ய இயலாமல் தறியில் நின்றுவிடும் பகுதி 1.5 கெஜம் என்று கொள்வோம். ஒரே புடவைக்குப் பாவு ஓட்டினால் 7.8 கெஜத்தில் 1.5 கெஜம், அதாவது 19 விழுக்காடு, வீண். எட்டுப் புடவைக்கு ஓட்டினால் 51.9 கெஜம் பாவு வேண்டும். அதன் நூல் எடை சுமார் ஒரு கிலோ. வீணாகும் பகுதி அதே 1.5 கெஜம்தான், விழுக்காட்டில் மூன்றுக்கும் குறைவு.

உழைப்பும் இவ்வாறே. புதிய பாவின் 3,600 இழைகளையும் பழைய பாவின் முனைகளோடு ஒவ்வொன்றாகக் கையால் பிணைக்க வேண்டும். கரையின் இழை வரிசை மாறினால் அப்பகுதியை விழுதிலும் அச்சிலும் மீண்டும் கோக்கவும் வேண்டும். ஒரு புடவையானாலும் எட்டானாலும் இவ்வேலை ஒன்றே. ஆகையால், அக்குடும்பத்தார் உறவினர்களோடு சேர்ந்து ஒரே கரையில் எட்டுப் புடவை கேட்டு, முந்தியை மட்டும் ஒவ்வொருவர் விருப்பப்படி வேறுபடுத்தச் சொல்வார்களானால், நெசவாளர் மகிழ்ந்து ஒப்புக்கொள்வார். கரையைப் பற்றிய முடிவைப் பாவு ஓட்டுவதற்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். முந்தியைப் பற்றிய முடிவுக்கு நெசவு தொடங்கிய பின்னும் இடமுண்டு. ஓணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கரையை மாற்றக் கேட்பதில் பயனில்லை.

ஜரிகை ஒளிரும் மூலை

கரையில் ஜரிகை பாவாக இருக்கிறது. அதன் குறுக்கே வெள்ளை ஊடை ஓடுகிறது. சாதாரண அடர்த்தியில் நெய்தால் பாதி ஜரிகையும் பாதி வெள்ளையும் தெரிந்து, பொன் நிறம் வெளுத்துக் காணும். எனவே கரைப் பகுதியில் பாவு இழைகளை நெருக்கமாக வைக்கிறார்கள். ஊடை உள்ளே மறைந்து ஜரிகை மேலே தெரிகிறது. முந்தியில் ஜரிகையே ஊடையாகிறது. அங்கே வெள்ளைப் பாவு இடையிடையே எட்டிப் பார்க்கிறது. கரையும் முந்தியும் சந்திக்கும் மூலையில் மட்டும் பாவும் ஊடையும் இரண்டுமே ஜரிகை. நல்ல புடவையில் அம்மூலைச் சதுரம் மற்ற இடங்களைவிட அடர்ந்து ஒளிர்வதைக் கண்ணால் காணலாம். கரையும் முந்தியும் தறியிலேயே நெய்யப்பட்டவை என்பதற்கு அது சான்று. அச்சடித்த கரையிலும், தனியே தைத்துச் சேர்த்த கரையிலும் இது அமையாது.

நிறக் கரைக்கும் இதே விதிதான். பச்சைப் பாவின் குறுக்கே வெள்ளை ஊடை ஓடினால் பச்சை வெளிறும். காஞ்சிபுரத்தில் கரையின் நிறம் கலங்காதிருக்க, கரைக்குத் தனி நாடாக்களும் உடலுக்குத் தனி நாடாவுமாக மூன்று நாடாக்களைக் கொண்டு கோர்வை முறையில் நெய்கிறார்கள். அதற்கு நேரமும் துணைக்கு ஓர் ஆளும் வேண்டியிருப்பதால் விலை கூடுகிறது. குத்தாம்புள்ளியின் நுண்மையான பருத்திப் புடவையில், ஒரே நாடா கரை முதல் கரை வரை ஓடுவதே இயல்பு.

ஜரிகையைப் பாவில் வைப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. பருத்தி இழை சற்று நீளும், தளரும், நனைந்தால் சுருங்கும். ஜரிகை அவ்வாறு செய்யாது. நெய்யும்போது ஜரிகைப் பாவின் இழுவிசையைத் தனியே சீராக வைக்காவிட்டால், முதல் சலவைக்குப் பின் உடல் சுருங்கி, கரை மட்டும் அலை அலையாக எழும்பி நிற்கும். தறியில் இழுவிசையில் இருந்தது பாவு என்பதால், துணி அகலத்தைவிட நீளத்திலேயே மிகுதியாகச் சுருங்கும். இரவிக்கைத் துணி உட்படப் புடவையின் நீளத்தை அளந்து வாங்குவது இக்காரணத்தால் நல்லது. முதல் சலவையில் கஞ்சி போய்விட்டால் துணி சற்றுத் தளர்ந்து மென்மையாகும், அது குறையன்று.

சிக்கனம் நுழையும் வாசல்

விலை குறைந்த துணி எவ்வாறு விலை குறைகிறது என்பதற்கும் பாவும் ஊடையுமே விடை தருகின்றன. அச்சின் அடர்த்தியும் கரையின் வரிசையும் பாவில் நிலைத்துவிட்டன. அங்கே குறைத்தால் கடையிலேயே கண்ணில் படும். ஊடையில் குறைப்பது எளிது. அங்குலத்துக்கு 68-க்குப் பதிலாக 56 ஊடை போட்டால், நாடா ஓட்டம் 14,688-இலிருந்து 12,096 ஆகக் குறையும். நூலில் மிச்சம் 19 கிராம்தான். நெசவு நேரத்தில் மிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல். கரை, ஜரிகை, அகலம் எதுவும் மாறவில்லை. கஞ்சியோடு மடித்து வைத்த துணியில் இக்குறை தெரியாது. இரண்டு சலவைக்குப் பின் ஊடை இழைகள் இடம் பெயர்ந்து, ஊசி குத்திய இடத்தில் இடைவெளி விழும்.

இதைக் கடையிலேயே கண்டுகொள்ள வழியுண்டு. துணியை ஒற்றை மடிப்பாக வெளிச்சத்தில் பிடித்து, பாவும் ஊடையும் அமைக்கும் சிறு கட்டங்களைப் பாருங்கள். அவை ஏறத்தாழச் சதுரமாக இருந்தால் அடர்த்தி சமம். நீளவாக்கில் இழுபட்ட செவ்வகமாக இருந்தால் ஊடை குறைவு. பிறகு உட்புறத்தில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் மெல்ல நீளவாக்கில் தள்ளிப் பாருங்கள். இழைகள் விலகி வழி விடுமானால் அடி போதாது. உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் ஓர் அங்குலத்தை அளந்து எண்ணியே பார்க்கலாம்.

குறைகளும் தாம் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லிவிடும். நீளவாக்கில் தொடரும் மெல்லிய கோடு, அறுந்த பாவு இழை ஒன்றைக் கவனியாமல் நெய்ததைக் காட்டும். ஓரிடத்தில் மட்டும் சில இழைகள் கட்டுப்படாமல் மிதந்தால், அறுந்த பாவு இழை பக்கத்து இழைகளோடு பின்னி நாடாவின் வழியை அடைத்திருக்கிறது. குறுக்கே ஒரு பட்டை தடித்தோ மெலிந்தோ தோன்றினால், அது ஊடையின் செய்தி: நெய்பவர் வேலையை நிறுத்தி மீண்டும் தொடங்கியபோது அடியின் வேகம் மாறியிருக்கலாம், அல்லது வேறு தடிமனுள்ள தார் ஏறியிருக்கலாம். ஓரம் உள்வாங்கி நெளிந்தால் ஊடை இறுக்கமாக இழுக்கப்பட்டிருக்கிறது. சிறு முடிச்சு ஒன்றிரண்டு இருப்பது குறையன்று; அறுந்த இழையை நெசவாளர் நின்று முடிந்து சென்றதன் அடையாளம் அது.

ஓரத்தை மேலும் உற்றுப் பார்த்தால், ஊடை ஒரு பக்கம் சென்று வெட்டுப்படாமல் வளைந்து திரும்புவது தெரியும். நாடா இல்லாத நவீன இயந்திரத் தறியில் ஒவ்வொரு ஊடையும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும். இது பயனுள்ள சோதனைதான். ஆனால் நாடா ஓடும் விசைத்தறியிலும் ஓரம் வளைந்தே திரும்புவதால், இது ஒன்றை மட்டும் நம்பிக் கைத்தறி என்று முடிவு செய்ய இயலாது. ஒரு முழ இடைவெளியில் நாலைந்து இடங்களில் ஊடையை எண்ணிப் பார்த்தால், கைத்தறித் துணியில் ஒன்றிரண்டு எண்ணிக்கை கூடியும் குறைந்தும் வரும். இயந்திரத்தில் அநேகமாக மாறாது. அதனோடு கைத்தறி முத்திரையும் இருக்கிறதா என்று பார்ப்பது முறை.

இனிக் கடையில் இரண்டு புடவைகள் ஒன்றாகத் தோன்றும்போது, கரையைப் பார்த்துவிட்டுக் கையை உடல்பகுதிக்குக் கொண்டு செல்வோம். கரை, பாவு ஓட்டிய நாளில் ஒரே முறை எடுத்த முடிவு. உடலின் அடர்த்தியோ, ஒவ்வொரு ஊடைக்கும் அச்சை எவ்வளவு நெருக்கி அடிப்பது என்று நெசவாளர் பதினாலாயிரம் முறைக்கு மேல் எடுத்த முடிவு. விலைச்சீட்டில் நாம் கொடுக்கும் கூடுதல் தொகையில் பெரும் பங்கு அந்த அடிகளுக்கே உரியது. அவை துணியில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்குவது நமக்கும் நெசவாளருக்கும் நேர்மையான கணக்கு.